பால் டெஸ்ட் பண்றவங்களுக்கு மட்டும் ஒரு சின்ன குழு: ஆரம்பிச்சு நடத்துனவங்க யாராவது இருக்கீங்களா?

லேப்காரி · 8 ஜனவரி, மாலை 6.40

கோவிந்தாபுரம் பக்கம் ஒரு சில்லிங் சென்டர்ல லேப் பாக்கறேன். பத்து வருஷமாச்சு. லேப்ல நான் ஒரே ஆள். ஒரு சந்தேகம் வந்தா கேக்க ஆளில்லை. மேனேஜர்கிட்ட கேட்டா "ரிப்போர்ட்டைப் போடு"ங்கறார். பால் சம்பந்தமா வாட்ஸ்அப் குரூப் மூணு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் எண்ணூறு, தொள்ளாயிரம் பேர். காலைல திறந்தா தீவன விளம்பரமும் சாமி படமும்தான்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, பொள்ளாச்சி ரெண்டு பக்கமும் சேர்த்து, கையால டெஸ்ட் பண்றவங்க மட்டும் பத்துப் பதினஞ்சு பேரைக் கூட்டி, மாசம் ஒருக்கா ஆன்லைன்ல பேசலாம்னு நினைக்கறேன். எத்தனை பேர் சேக்கலாம், எந்த நேரம் வைக்கலாம், என்னத்தைப் பேசறது, ஆபீஸ்ல பிரச்னை வருமா? செஞ்சு பாத்தவங்க மட்டும் சொல்லுங்க.

வேலந்தாவளத்தான் · 8 ஜனவரி, இரவு 9.15

செஞ்சு பாத்திருக்கேன். ஒண்ணைக் கொன்னுட்டேன், இன்னொண்ணு மூணாவது வருஷமா ஓடுது. நாலு மணிக்கு எந்திரிக்கணும், அதனால துண்டு துண்டாத்தான் எழுதுவேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஆள் பேரு எழுதறதுக்கு முன்னாடி உங்களுக்குக் கடைசியா வந்த மூணு சந்தேகத்தை எழுதுங்க. மூணு தேறலைன்னா குழு வேணாம், ஒரு ஃபிரெண்டு போதும்.

குப்பம் மாட்டுக்காரன் · 9 ஜனவரி, காலை 7.02

எங்க ஊர்ல மாடு வச்சிருக்கறவங்க குரூப் சூப்பரா போகுது. 600 பேர். கன்னு போட்ட அன்னிக்கே போட்டோ போட்டா மறுநாள் வித்துடும். நம்பர் குடுங்க, சேர்த்து விடறேன்.

லேப்காரி · 9 ஜனவரி, காலை 10.50

அண்ணா, நான் மாடு விக்கலை. பாலை டெஸ்ட் பண்றேன்.

குப்பம் மாட்டுக்காரன் · 9 ஜனவரி, காலை 10.58

அப்ப எங்க பாலுக்கு ஏன் தண்ணிப் பால்னு விலை குறைக்கறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.

வேலந்தாவளத்தான் · 9 ஜனவரி, இரவு 8.30

குப்பத்துக்காரர் கேட்டதுக்கு அப்புறம் வரேன், அது நல்ல கேள்விதான்.

முதல் குரூப் எப்படிச் செத்துச்சுன்னு சொல்றேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, போன்ல இருந்த பால்காரங்க நம்பர் அத்தனையும் சேர்த்தேன். 140 பேர். லேப் ஆளுங்க, சொசைட்டி செக்ரட்டரிங்க, டேங்கர் டிரைவர் ரெண்டு பேர், மெஷின் விக்கறவர், எல்லாரும். முதல் வாரம் பட்டாசா இருந்துச்சு. ரெண்டாவது மாசத்துல நான் கவனிச்சது, விஷயம் தெரிஞ்ச ஆளுங்க வாயைத் திறக்கறதே இல்லை. தெரியாதவங்கதான் நாள் பூரா பேசறாங்க. அது ஏன்னு அப்ப புரியலை.

அப்புறம் ஒரு பையன் ஒரு போட்டோ போட்டான். ஃபார்மலின் பாக்கறதுக்கு டெஸ்ட் டியூப்ல ஆசிட் விட்டு, ஊதா வளையம் வந்திருக்கு. "இது ஃபார்மலின்தானா, இல்ல என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி, தனியா உக்காந்திருக்கற ஆளுக்கு வர்ற கேள்வி. ஆனா டியூப்புக்குப் பின்னால சாம்பிள் பாட்டில், பாட்டில்ல சொசைட்டி பேரு எழுதின ஸ்டிக்கர். மத்தியானத்துக்குள்ள அந்தப் படம் அந்த சொசைட்டி பிரசிடென்ட் போனுக்குப் போயிருச்சு. பையனை வேற இடத்துக்குத் தூக்கிப் போட்டாங்க. மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்களா, அந்தப் பால் என்னாச்சு, ஒருத்தருக்கும் தெரியாது.

அதோட அந்தக் குரூப்புல ஒரு உருப்படியான கேள்விகூட வரலை. ஓணத்துக்குப் பூக்களம், பொங்கலுக்குக் கரும்பு, அவ்வளவுதான். யாரு படிக்கறாங்கன்னு தெரியாத இடத்துல தெரிஞ்சவன் பேச மாட்டான். 140 பேர்ல யாரு படிக்கறாங்கன்னு யாருக்குத் தெரியும்?

பழைய கெமிஸ்ட் · 10 ஜனவரி, காலை 11.20

முப்பது வருடம் டெய்ரி லேபில் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே சொன்னதில் ஒரு திருத்தம். அந்தப் பையனின் தவறு ஸ்டிக்கர் மட்டும் இல்லை. சந்தேகம் இருந்தால் முதலில் தெரிந்த நல்ல பாலை எடுத்து, அதையும் அதே ஆசிட்டில், அதே நேரத்தில், பக்கத்திலேயே செய்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு டியூபையும் சேர்த்து வைத்துப் படம் எடுத்திருந்தால் கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும். குழுவில் கேட்கும் ஆள் இவ்வளவாவது செய்துவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் குழு என்பது சோம்பேறிகளுக்குச் சத்திரம்.

வேலந்தாவளத்தான் · 10 ஜனவரி, இரவு 9.05

சார் சொன்னது சரி. இப்ப எங்க குழுவுல அது வழக்கமாயிடுச்சு.

ரெண்டாவது குழு. மொதல்ல அஞ்சே பேர். குரூப் மெசேஜ் போடலை, ஒவ்வொருத்தரையும் போன்ல கூப்பிட்டுப் பேசினேன். கேட்டது ஒரே கேள்வி: "இந்த வாரம் உன் கையால பியூட்ரோமீட்டர் பிடிச்சியா?" ஃபேட் பாக்கற அந்தக் கண்ணாடிக் குழாயைப் பிடிச்சவன் உள்ள. மேனேஜர், செக்ரட்டரி, விக்கறவர், ஆபீசர், எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாலும் வெளிய. இதுல நாலு பேருக்கு என் மேல இன்னும் கோவம் இருக்கு.

இப்ப 12 பேர். அதுக்கு மேல சேக்கறதில்லை. 12 பேர் இருந்தா ஒரு கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர் வர்றாங்க. மத்தவங்களுக்கு டேங்கர் லேட்டு, கரண்ட் இல்லை, பொண்ணு பாக்க வந்திருக்காங்க. ஏழெட்டுப் பேர்னா ஒரு மணி நேரத்துல எல்லாரும் ஒரு தடவையாவது வாயைத் திறக்கலாம். 20 பேரைச் சேர்த்துப் பாத்தோம், ஒரு தடவை. அஞ்சு பேர் பேசினாங்க, மிச்சம் ஆளுங்க கேமராவை அணைச்சுட்டு கேன் கழுவினாங்க.

நேரம்தான் பெரிய தலைவலி. மொதல்ல ராத்திரி எட்டு மணின்னு வச்சேன். மத்த வேலைக்காரங்களுக்கு அது சரி. நமக்கு விடிகாலை நாலுக்கு எந்திரிக்கணும். மூணாவது கூட்டத்துல ஒருத்தரோட குறட்டை மைக்ல வந்துச்சு, யாருதுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்கலை. ஞாயித்துக்கிழமை வைக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னார். மாட்டுக்கு ஏதுங்க ஞாயிறு? கடைசியா நின்னது பகல் 11.15. காலைப் பால் டேங்கர் போயிருக்கும், கண்ணாடிச் சாமான் கழுவியிருக்கும், சாயங்காலப் பால் வர மூணு மணியாகும். ரெண்டாவது வியாழன், 11.15. ஓணத்துக்கு முன்னாடி ரெண்டு வாரம் கூட்டமே கிடையாது. அப்ப கேரளாவுக்கு நம்ம பக்கத்துப் பால் ராப்பகலா போகும், மீனாட்சிபுரம் செக்போஸ்ட்ல டெஸ்டிங் மும்முரமா நடக்கும், எவனும் போன் எடுக்க மாட்டான்.

கூகுள் மீட் இலவசத்துல மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷத்துல தானா அறுந்துடும். காசு கட்டலாம்னு சொன்னாங்க. வேணாம்னுட்டேன். அதுதான் எங்களுக்கு மணி.

மெஷின் தம்பி · 11 ஜனவரி, மதியம் 1.10

இந்தக் காலத்துல யாருங்க ஆசிட் வச்சு ஃபேட் பாக்கறது? அல்ட்ராசானிக் மெஷின்ல ஒரு நிமிஷத்துல ஃபேட், கொழுப்பு போக மிச்சமிருக்கற சத்தான எஸ்என்எஃப், தண்ணி எல்லாம் வந்துடுது. ஃபார்முலா வேணாம், ஆளுக்கு ஆள் வித்தியாசமும் வராது. எல்லாரும் மெஷின் வச்சுட்டா இந்தக் குழுவுக்கே வேலை இல்லை.

பழைய கெமிஸ்ட் · 11 ஜனவரி, மாலை 4.45

தம்பி, பாதி சரி. மெஷினுக்குக் கை நடுங்காது. ஆனால் அந்த மெஷினை எதை வைத்து அளவு திருத்துகிறீர்கள்? யாரோ ஒருவர் ஆசிட் ஊற்றி எடுத்த ஃபேட்டையும், லாக்டோமீட்டர் விட்டுக் கணக்குப் போட்ட எஸ்என்எஃபையும் வைத்துத்தான். அவர் செய்த தவறை மெஷின் ஒரு நாளைக்கு நானூறு முறை, முகம் சுளிக்காமல் செய்யும்.

வேலந்தாவளத்தான் · 11 ஜனவரி, இரவு 8.50

மெஷின் தம்பி சொன்னதாலேயே எங்களோட நாலாவது கூட்டத்தை எழுதறேன். குப்பத்து அண்ணாவுக்கும் இதுல பதில் இருக்கு.

எங்க கூட்டத்துல ஒரு மாசத்துக்கு ஒரே ஒரு கேஸ். கொண்டு வர்றவர் முந்தின நாள் சாயங்காலம் அஞ்சு வரி அனுப்பணும்: என்ன சாம்பிள், எந்த டெஸ்ட், பாலோட சூடு எவ்வளவு, ரீடிங் என்ன, அதை வச்சு என்ன முடிவு எடுத்தார். முதல் இருவது நிமிஷம் மத்தவங்க கேள்வி மட்டும் கேக்கலாம், அட்வைஸ் கூடாது. இந்த ஒரு சட்டத்துக்காக நான் பட்ட பாடு! நம்மாளுங்களுக்குக் கேள்வி கேக்கச் சொன்னா, "நீங்க ஏன் இப்படிச் செய்யக் கூடாது?"ன்னு கேள்விக்குறி போட்டு அட்வைஸ் பண்ணுவாங்க.

நாலாவது கூட்டத்துல ரெண்டு பேருக்குச் சண்டை. ஒருத்தர் பொள்ளாச்சிப் பக்கம், ஒருத்தர் சித்தூர்ப் பக்கம். எல்லைல ஒரு விவசாயி காலைப் பாலை அங்கயும் சாயங்காலப் பாலை இங்கயும் ஊத்தறார். அங்க எஸ்என்எஃப் 8.4, இங்க 8.2. ஒரே மாடு, ஒரே தீவனம். ரெண்டு மாசமா இவங்க ரெண்டு பேரும் போன்ல "உன் லாக்டோமீட்டர் சந்தைல வாங்குனதா?"ன்னு திட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. விவசாயி நம்ம குப்பத்து அண்ணா மாதிரி ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டு இருந்திருக்கார்.

காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் வித்தியாசம் வரும்தானேன்னு முதல்ல சமாதானம் சொன்னோம். அப்புறம் ஒரு நாள் ஒரே பாலை ரெண்டு பேரும் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் லாக்டோமீட்டர் ரீடிங்கான சிஎல்ஆர் 28, ஃபேட் 4.0. ரீடிங் ஒண்ணு, விடை மட்டும் வேற! கேள்வி நேரத்துல எங்க குழுவுலயே சின்னப் பொண்ணு, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகலை, "கணக்கைப் போட்ட பேப்பரைக் காட்டுங்க"ன்னு கேட்டுச்சு. காட்டினாங்க.

```
SNF = CLR/4 + 0.25 × F + 0.44
    = 7 + 1.00 + 0.44 = 8.44

SNF = CLR/4 + 0.21 × F + 0.36
    = 7 + 0.84 + 0.36 = 8.20
```

ரெண்டு இடத்துலயும் சுவத்துல ஒட்டியிருந்த ஃபார்முலா வேற வேற. ஒருத்தரும் பொய் சொல்லலை. பசும்பாலுக்குச் சட்டப்படி எஸ்என்எஃப் குறைஞ்சது 8.3 இருக்கணும். அதே பால் ஒரு பக்கம் பாஸ், இன்னொரு பக்கம் ஃபெயில். ரெண்டு பேரும் அந்தப் பேப்பரை வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து பாத்துக்கிட்டிருக்காங்க, ஆனா அதைப் பாக்கணும்னு தோணலை. தனியா இருக்கற ஆளுக்குத் தோணவும் தோணாது.

பழைய கெமிஸ்ட் · 12 ஜனவரி, காலை 10.30

அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டு. முதல் ஃபார்முலா இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ளது, இரண்டாவது சில இடங்களில் பழக்கத்தில் உள்ளது. இரண்டுமே ஊகக் கணக்குத்தான். சண்டை முற்றினால் பாலை ஓவனில் உலர்த்தி எடை போடுவது ஒன்றே தீர்ப்பு.

சூட்டையும் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு லாக்டோமீட்டர் 27 டிகிரிக்கு அளவிட்டது. சில பழைய லாக்டோமீட்டர்கள் வேறு சூட்டுக்கு அளவிட்டவை, தண்டில் எழுதியிருக்கும். கறந்த சூடு ஆறாத பாலில் விட்டால் ரீடிங் குறைவாகக் காட்டும். எல்லையோர விவசாயி எட்டு மணிக்குத் திட்டுவதில் பாதி இதனால்தான்.

குப்பம் மாட்டுக்காரன் · 12 ஜனவரி, காலை 11.15

அப்ப எங்க சொசைட்டில எந்த ஃபார்முலா?

வேலந்தாவளத்தான் · 12 ஜனவரி, இரவு 9.00

அண்ணா, நாளைக்குப் பால் ஊத்தும்போது சுவத்தைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

செங்கோட்டை பார்மசி · 17 ஜனவரி, இரவு 10.20

பால் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, காபில ஊத்தறதோட சரி. ஆனா இதே மாதிரி செங்கோட்டை, புனலூர்ப் பக்கத்து மருந்துக்கடை பார்மசிஸ்டுங்க ஒன்பது பேரை வச்சு நான் ஒரு குழு நடத்தினேன். ஒரு வருஷம் அருமையா போச்சு. லிங்க் அனுப்பறது, ஞாபகப்படுத்தறது, கேஸ் தேடறது, பேசாதவனைப் பேச வைக்கறது, குறிப்பு எழுதறது, எல்லாம் நானே. எனக்கு மஞ்சக்காமாலை வந்து ரெண்டு மாசம் படுத்துட்டேன். எந்திரிச்சு வந்து பாத்தா குழு இல்லை. யாரும் கலைக்கலை, யாரும் கூப்பிடலை, அவ்வளவுதான். ஒருத்தர்கூட "உடம்பு எப்படி"ன்னு கேக்கலைங்கறது தனிக் கதை. அதனால பொறுப்பை மாசம் ஒருத்தர்னு சுத்தி விடுங்க.

வேலந்தாவளத்தான் · 18 ஜனவரி, இரவு 8.40

சுத்தி விட்டுப் பாத்தேன் சார். ரெண்டே சுத்துல நின்னுடுச்சு. ஒருத்தர் லிங்க் அனுப்ப மறந்துட்டார், இன்னொருத்தர் தேதியை மாத்தினார். தேதி ஒரு தடவை மாறினா அடுத்த மாசம் பாதிப் பேர் வர்றதில்லை.

இப்ப கூப்பிடற வேலை எப்பவும் ஒரே ஆளுக்கு, கேஸ் மட்டும் சுத்தும். கூப்பிடறது ரெண்டு வருஷம் நான் பாத்தேன், இந்த வருஷம் கொடுவாயூர்ப் பக்கத்துல ஒருத்தர். குறிப்புன்னு நாங்க எழுதறது மூணு வரிதான், அதைக் கேஸ் கொண்டு வந்தவரே எழுதணும். ரெக்கார்ட் பண்றதில்லை. லீவு போட்டவங்க "ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க"ன்னு கேப்பாங்க. ஒரு தடவை அனுப்பினோம். அதுக்கு அடுத்த மாசம் வந்தவங்க நாலு பேர், ரெக்கார்டிங் கேட்டவங்க ஆறு பேர்.

உடம்பு கேக்காத விஷயம் கஷ்டமா இருக்கு சார். இப்ப எப்படி இருக்கீங்க?

செங்கோட்டை பார்மசி · 18 ஜனவரி, இரவு 10.05

இப்ப நல்லா இருக்கேன். கேட்டதுக்கு நன்றி, நீங்க கேக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஆயிருக்கு.

லேப்காரி · 22 ஜனவரி, மாலை 6.15

எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மூணு சந்தேகம் கேட்டீங்க, ஏழு வந்துடுச்சு.

ஒரு பயம். குழு வச்சா அட்மின் மேலதான் கேஸ் வரும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்.

வேலந்தாவளத்தான் · 22 ஜனவரி, இரவு 9.20

மத்தவங்க போட்ட மெசேஜுக்கு வாட்ஸ்அப் அட்மின் பொறுப்பாக மாட்டார்னு 2022-ல கேரள ஹைகோர்ட்டே ஒரு தீர்ப்புல சொல்லியிருக்கு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. ஆனா அந்தத் தீர்ப்பு உங்க மேனேஜர்கிட்டருந்து உங்களைக் காப்பாத்தாது. நீங்களே ஆபீஸ் ரிப்போர்ட்டைப் படம் பிடிச்சுப் போட்டா அது உங்க வேலைக்குத்தான் ஆபத்து.

அதுக்காக எங்க குழுவுல ஒரு வழக்கம். சொசைட்டி பேரு, விவசாயி பேரு, கம்பெனி பேரு, தேதி எதுவும் வராது. "சாம்பிள் ஒண்ணு, சாம்பிள் ரெண்டு"தான். பால் வெளிய போகலாம், பாத்திரத்து மேல இருக்கற பேரு போகக் கூடாதுன்னு சொல்லிக்குவோம்.

பழைய கெமிஸ்ட் · 23 ஜனவரி, காலை 10.10

இது லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற இடத்தில் 1927-லேயே போட்ட விதி. கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்று சொல்லக் கூடாது. ஆனால் ஒன்று. மேலே சொன்ன ஊதா வளையம் உண்மையாகவே வந்தால், அது குழுவில் பேசிக் கலையும் விஷயம் இல்லை. முதலில் எழுத்தில் மேலே அனுப்ப வேண்டும், பிறகுதான் குழு. பெயரை மறைப்பது ஆளைக் காக்க, கலப்படத்தைக் காக்க அல்ல.

லேப்காரி · 23 ஜனவரி, இரவு 7.55

மேலே அனுப்பினா "திருத்திப் போடு"ன்னு வர்றதுதான் சார் என் ஏழு சந்தேகத்துல முதல் சந்தேகம். அதைக் குழுவுல பேசலாமா?

வேலந்தாவளத்தான் · 24 ஜனவரி, இரவு 9.30

இதுக்கு என்கிட்ட நேர்ப் பதில் இல்லை. எங்க குழுவுல அது ஒரு தடவை வந்துச்சு, ஒரு மணி நேரமும் அழுகையும் கோவமுமா போச்சு. ஒண்ணும் தீரலை. ஆனா அந்த மாசத்துக்கு அப்புறம் எல்லாரும் ஒரிஜினல் ரீடிங்கைத் தனி நோட்டுல பேனாவால எழுதி, பக்க எண் போட்டு வைக்கற பழக்கம் வந்துச்சு. யாரும் சொல்லித் தரலை, ஒருத்தர் செய்யறார்னு தெரிஞ்சு மத்தவங்களும் செஞ்சாங்க.

மெஷின் தம்பி · 25 ஜனவரி, மதியம் 12.30

நான் மெஷின் சர்வீஸ் இன்ஜினியர். ஒரு நாளைக்கு ஆறு லேப் பாக்கறேன். உங்க பன்னெண்டு பேரும் சேர்ந்து பாக்காத கோளாறை நான் தனியாப் பாத்திருக்கேன். என்னை ஏன் வெளிய நிறுத்தறீங்க?

வேலந்தாவளத்தான் · 25 ஜனவரி, இரவு 8.45

தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியா வாங்க, பேசுங்க, இலை எடுத்ததும் கிளம்பிடணும். நீங்க நிரந்தரமா உள்ள இருந்தா, "எங்க மெஷின் ரெண்டு மாசமா தப்பாக் காட்டுது, மேனேஜருக்கு இன்னும் தெரியாது"ன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

பழைய கெமிஸ்ட் · 26 ஜனவரி, காலை 9.40

இதில் நான் உடன்படவில்லை. ஆறு லேப் பார்ப்பவனை வெளியே வைத்துவிட்டு ஒரே லேபைப் பத்து வருடம் பார்த்தவர்கள் மட்டும் பேசினால் கிணற்றுத் தவளைகள் கச்சேரி ஆகும்.

வேலந்தாவளத்தான் · 3 பிப்ரவரி, இரவு 9.10

சார் சொன்னதை ஒரு வாரமா யோசிச்சேன். கிணத்துத் தவளைங்கறது சரிதான், அதுக்கு நாங்க கண்டுபிடிச்ச வழி வேற: பாட்டில் சுத்தி விடறது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரே பாலை ஆறு பாட்டில்ல பிரிச்சு, ஐஸ் பெட்டில வச்சு, பொள்ளாச்சி–பாலக்காடு பஸ்ல ஏத்தி விடுவோம். கோபாலபுரத்துல ஒருத்தர், கொழிஞ்சாம்பாறைல ஒருத்தர்னு எடுத்துக்குவாங்க. அன்னிக்கே டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை ஒரே ஆளுக்கு மட்டும் அனுப்பணும். அவர் பேரில்லாம ஆறு நம்பரை மட்டும் போடுவார்.

முதல் தடவை ஃபேட் வந்தது: 4.0, 4.0, 4.1, 3.9, 3.7, 4.3. ஒரே பாலுங்க! கூட்டத்துல ரெண்டு நிமிஷம் யாரும் பேசலை. அப்புறம் 3.7 வந்தவர் தானா சொன்னார், "அது நான்". கேள்வி நேரத்துல ஒவ்வொண்ணா பாத்தோம். ஆசிட் 10 மில்லி சரி, அமைல் ஆல்கஹால் 1 மில்லி சரி, சுத்தற வேகம் சரி. பாலுக்கு 10.75 மில்லி பிப்பெட் உடைஞ்சு போச்சுன்னு ஆறு மாசமா 10 மில்லி பிப்பெட் வச்சிருந்திருக்கார். "முக்கால் மில்லிதானே"ன்னு நினைச்சிருக்கார். பத்தைப் பத்தே முக்காலால வகுத்தா 0.93. நாலு ஃபேட் பால் 3.7 ஆயிடும். ஆறு மாசமா அந்த ஊர் விவசாயிங்களுக்கு எவ்வளவு போயிருக்கும்னு அவரே கணக்குப் போட்டுட்டு அன்னிக்கு மத்தியானம் சாப்பிடலைன்னு அப்புறம் சொன்னார். பிப்பெட் விலை ஒரு பிரியாணி காசுகூட இல்லை.

4.3 வந்தவர், ரீடிங் பாக்கும்போது கண்ணை நேர் மட்டத்துல வைக்காம எடுத்திருப்பார்னு முடிவு பண்ணினோம்.

வேலந்தாவளத்தான் · 9 பிப்ரவரி, இரவு 8.20

மேல எழுதினதுல ஒரு திருத்தம். எங்க ஆளு ஒருத்தர் இந்த இழையைப் படிச்சுட்டு போன்ல பிடிச்சுக்கிட்டார். 4.3-க்குக் காரணம் அவர் கண் இல்லை, நான்தான். ரெண்டாவது தடவை பாட்டில் சுத்தி விட்டப்ப வேற ஒருத்தருக்கு 4.4 வந்துச்சு. அப்பத்தான் யோசிச்சோம், ரெண்டு தடவையும் ஜாஸ்தி வந்தது நான் முதல்ல ஊத்தின பாட்டில். ராத்திரி ஃபிரிட்ஜ்ல வச்ச பாலைச் சரியாக் கலக்காம ஊத்தியிருக்கேன், மேல கட்டியிருந்த ஏடு முதல் பாட்டில்லயே போயிடுச்சு. இப்ப 40 டிகிரிக்குச் சூடாக்கி, மூடில ஒட்டின ஏடு கரையற வரைக்கும் மெதுவா கவுத்துக் கவுத்துக் கலக்கி, ஆற வச்சுத்தான் பிரிக்கறேன். போன தடவை ஆறு பேருக்கும் 3.9-லருந்து 4.1-க்குள்ள வந்துச்சு.

அந்த 4.3 அண்ணன்கிட்ட மூணு மாசம் "கண்ணாடி மாத்துங்க"ன்னு கிண்டல் பண்ணியிருக்கோம். அவர் நிஜமாவே மாத்திட்டார்.

குப்பம் மாட்டுக்காரன் · 11 பிப்ரவரி, காலை 7.30

சுவத்துல ஃபார்முலா இல்லை. காலண்டர் மட்டும்தான் இருக்கு. மெஷின்ல வர்றதுதான்னு சொல்றாங்க.

பழைய கெமிஸ்ட் · 11 பிப்ரவரி, காலை 11.00

மெஷினைக் கடைசியாக எப்போது, எந்தப் பாலை வைத்து அளவு திருத்தினார்கள் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், அங்கேயும் ஒரு லேப்காரி தனியாக உட்கார்ந்திருப்பார்.

லேப்காரி · 14 மார்ச், மதியம் 12.40

இப்பத்தான் முதல் கூட்டம் முடிஞ்சது, கை இன்னும் நடுங்குது. ஒன்பது பேரைப் போன்ல கூப்பிட்டேன், ஆறு பேர் சரின்னாங்க, நாலு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் பைக்கை ஓரமா நிறுத்திட்டு, காத்துச் சத்தத்தோட. கொல்லங்கோட்டுலருந்து வந்த அக்கா மலையாளத்துல பேசினாங்க, நாங்க தமிழ்ல பேசினோம். ஃபேட், டிகிரி, புளிப்பு எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான், பிரச்னை வரலை.

கேஸ் என்னோடது. ரெண்டு வாரமா பியூட்ரோமீட்டர்ல கொழுப்புக்குக் கீழ வெள்ளையா தயிர் மாதிரி நிக்குது, கோடு தெளிவா இல்லை. பால்ல என்னமோ கலக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கேள்வி நேரத்துல பைக்காரர் கேட்டார், "ஆசிட் பாட்டில் மூடி எப்படி இருக்கு?" போய்ப் பாத்தா மூடி உடைஞ்சு, மேல பிளாஸ்டிக் கவர் கட்டியிருக்கேன். ஆசிட் ஈரத்தை இழுத்துத் தண்ணியாயிருக்கும்னு சொன்னார். சாயங்காலம் புது பாட்டில் உடைச்சுப் பாக்கணும்.

ஒரு தப்பு பண்ணிட்டேன். முதல் பத்து நிமிஷம் எல்லாரையும் அறிமுகம் பண்ணிக்கச் சொன்னேன். ஒருத்தர் அவரோட காலேஜ் கதையை ஆரம்பிச்சுட்டார்.

வேலந்தாவளத்தான் · 14 மார்ச், இரவு 8.10

நாலு பேர் நல்ல கணக்கு. அடுத்த தடவை அறிமுகம் வேணாம், "இந்த வாரம் எத்தனை சாம்பிள் பாத்தீங்க?" போதும். புது ஆசிட்ல என்ன வந்துச்சு?

லேப்காரி · 14 மார்ச், இரவு 9.35

கோடு தெளிவா வந்துடுச்சு. அஞ்சு சாம்பிள்ல நாலு. அஞ்சாவதுல இன்னும் வெள்ளை நிக்குது. நல்ல பாலையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன், அது சுத்தமா இருக்கு. கெமிஸ்ட் சார், காலைல பாத்தா ஒரு வரி எழுதுங்க. ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டுத்தான் படம் எடுத்திருக்கேன்.